ரூமில இருக்கிற தம்பியைக் குறை சொல்ல முதல் மீட்டரைப் படம் எடுங்கோ

இந்த வார எபிசோட்டில் வீட்டுக்குள் வைக்கிற ஸ்மார்ட் லீக் சென்சர்கள் பற்றிக் கதைத்தோம். அதில் சொல்ல நேரம் கிடைக்காத ஒரு கருத்தை இங்கே எழுதுகிறேன். தண்ணி பில் திடீரென்று ஏறினால் அந்த சென்சரை வாங்க முதல், வீட்டில் யாரையும் குறை சொல்ல முதல், தண்ணி மீட்டரை மூன்று தரம் படம் எடுங்கோ. அந்த மூன்று படமும் சொல்வதைப் பல சென்சர்களால் சொல்லவே முடியாது.

குறை சொல்வதைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று உங்களில் பலருக்கு விளங்கும். பிரிட்டனில் மீட்டர் வைத்த பல வீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் பில் வரும். வந்த பில் வழமையைப் போல ரெண்டு மடங்கு என்றால் வீட்டில் உடனே விசாரணை தொடங்கும். "மேல் ரூமில இருக்கிற பெடியன் மணிக்கணக்கா ஷவருக்குள்ள நிக்கிறான்." "அம்மம்மா வந்த நாளிலயிருந்து வோஷிங் மெஷின் ஒவ்வொரு நாளும் ஓடுது." பிறகு உங்களுக்கு ஒரு கோல் வரும்: "பிள்ளை, உந்தக் கம்பெனிக்கு ஒருக்கா போன் பண்ணிக் கேள்." நீங்கள் போன் பண்ணினால் அங்கே முதலில் கேட்பது மீட்டர் ரீடிங். அதுவே உங்களிடம் இல்லை என்றால் கதை அங்கேயே நின்றுவிடும்.

வாடகைக்கு இருக்கிற பெடியனால் தன் ஷவர் எத்தனை நிமிஷம் என்று நிரூபிக்க முடியாது. மீட்டரால் முடியும். எப்படி என்று பார்ப்போம்.

பிரிட்டனில் மீட்டர் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, நடைபாதையில் ஒரு சின்ன மூடிக்குக் கீழே இருக்கும். மூடியைத் திறந்தால் குளிருக்குப் பாதுகாப்பாக ஒரு பொலிஸ்டைரின் துண்டு இருக்கும். அதை எடுத்தால் மீட்டரின் முகம் தெரியும். அதில் கறுப்பு இலக்கங்களும் சிவப்பு இலக்கங்களும் இருக்கும். கறுப்பு கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். சிவப்பு அதற்குக் கீழ்ப்பட்ட பங்கு. மூன்று சிவப்பு இலக்கம் இருந்தால் கடைசி இலக்கம் ஒரு லிட்டர்.

பில் போடுவது கறுப்பு இலக்கத்தை வைத்துத்தான். அதனால் அப்பாமார் பார்ப்பதும் கறுப்பைத்தான். ஒளிந்திருக்கும் லீக் தெரிவதோ சிவப்பில். இரவு 412, காலையில் 412, "ஒண்டும் இல்லை" என்று மூடியைப் பூட்டினால், இடையில் 900 லிட்டர் போயிருந்தாலும் தெரியாமல் போகலாம்.

சில மீட்டர்களில் சிவப்பு இலக்கத்துக்குப் பதிலாக, அல்லது அதோடு சேர்த்து, சின்ன முள் வட்டங்கள் இருக்கும். அவற்றின் பக்கத்தில் x0.1, x0.01, x0.001, x0.0001 என்று எழுதியிருக்கும். x0.0001 என்றிருக்கிற முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு லிட்டர்.

முள்ளை வாசிக்க ஒரு விதி உண்டு. முள் ரெண்டு இலக்கத்துக்கு நடுவில் நின்றால் சின்ன இலக்கத்தை எடுக்க வேண்டும். சரியாக 4 இன் மேலேயே நிற்பதுபோல் தெரிந்தால், அதற்கு அடுத்த சின்ன வட்டத்தைப் பாருங்கோ. அங்கே முள் 9 இல் நின்றால் முதல் முள் இன்னும் 4 ஐத் தொடவில்லை, அது 3. அங்கே முள் 0 ஐத் தாண்டியிருந்தால் 4. உருளும் இலக்கத்துக்கும் இதே விதிதான். 5 பாதி, 6 பாதி தெரிந்தால் அது 5.

நேரில் பார்க்காமல் படத்தில் வாசிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. குழிக்கு மேலே குனிந்து, ஒரு கையில் மூடி, மறு கையில் டோர்ச்சோடு வாசிக்கிற இலக்கத்தில் பிழை வரும். படத்தை மேசையில் இருந்து பெரிதாக்கிப் பார்க்கலாம், இன்னொருவருக்கும் காட்டலாம். ஆனால் கமராவை மீட்டருக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். சரிவாக எடுத்தால் முள் பக்கத்து இலக்கத்தில் நிற்பதுபோலத் தெரியும். போன் பிளாஷ் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து இலக்கத்தை மறைக்கும். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மீட்டரின் சீரியல் நம்பரும் படத்துக்குள் வரவேண்டும். அது பில்லில் இருக்கிற நம்பரோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கோ. ஒரே குழியில் ரெண்டு மீட்டர் இருக்கிற இடங்கள் உண்டு, பக்கத்து வீட்டு மீட்டரைப் படம் எடுத்துவிட்டு ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

இன்னொன்று, வேறு ஊரில் இருந்து பெற்றோருக்கு உதவுகிறவர்களுக்கு. லீக் கணக்கில் இலக்கம் பாதி, நேரம் மற்றப் பாதி. படம் எடுத்த நேரம் அந்தப் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதைச் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு அழிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். வாட்ஸ்அப் காட்டுவது அனுப்பிய நேரம். அப்பா இரவு எடுத்ததைக் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அனுப்பினால் உங்கள் கணக்கு முழுக்கப் பிழைக்கும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கோ, அல்லது எடுத்த நேரத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கோ.

இனி ஒரு உண்மையான வீடு. லண்டன் ஹரோவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அம்மா, அப்பா, படிக்கிற மகள், மேல் ரூமில் வாடகைக்கு ஒரு பெடியன். பில் ஏறியது, விரல் மேல் ரூமைக் காட்டியது. மகள் ஒரு இரவு எல்லாரையும் தண்ணி எடுக்க வேண்டாம், டொய்லெட் பிளஷ் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று படம் எடுத்தாள். இரவு 11:10 க்கு 412.386. ஒரு மணி பத்துக்கு 412.422. காலை 6:10 க்கு 412.512.

முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் எடுத்தால் கணக்கு இதுதான்:

```
(412.512 - 412.386) * 1000 / 7 = 18
```

மணிக்கு 18 லிட்டர். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பையைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் 24 மணிக்கு அது 432 லிட்டர். பிரிட்டனில் ஒருவர் ஒரு நாளைக்குப் பாவிக்கிற தண்ணி சராசரியாக 140 லிட்டர் அளவில். அதாவது அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பேர் வாடகை தராமல் இருந்து தண்ணி எடுக்கிறார்கள். மேல் ரூம் பெடியன் ஷவரை நிறுத்திவிட்டு வாளியில் குளித்தாலும் இது குறையாது. வருஷம் முழுக்க ஓடினால் 158 கன மீட்டர் அளவில் வரும்.

ரெண்டு படம் போதாதா, நடுவில் ஏன் ஒன்று? இதுதான் என் வாதத்தில் முக்கியமான இடம். ரெண்டு படம் எவ்வளவு போனது என்று மட்டும் சொல்லும். மூன்றாவது படம் அது எப்படிப் போனது என்று சொல்லும். அந்த வீட்டில் முதல் ரெண்டு மணித்தியாலத்தில் 36 லிட்டர், பிறகு ஐந்து மணித்தியாலத்தில் 90 லிட்டர். ரெண்டு பகுதியிலும் மணிக்கு 18. இப்படி மாறாத வேகத்தில் போனால், எங்கேயோ ஒரு ஓட்டையால் தண்ணி இடைவிடாமல் போகிறது என்று அர்த்தம். யாரும் இரவில் எழும்பி டொய்லெட்டுக்குப் போனதாகவோ, டைமர் வைத்த வோஷிங் மெஷின் ஓடியதாகவோ இருந்தால் ஒரு பகுதி கூடவும் மற்றது குறையவும் இருந்திருக்கும்.

அப்படி வேகம் கூடிக் குறைந்தால் முதல் சந்தேகம் டொய்லெட் தாங்கி. பட்டனை அமத்தித் திறக்கிற வால்வின் ரப்பர் தேய்ந்தால் தண்ணி சத்தமில்லாமல் கோப்பைக்குள் வடியும். தாங்கியில் மட்டம் கொஞ்சம் இறங்கியதும் நிரப்பு வால்வு திறந்து நிரப்பிவிட்டு மூடும். மீட்டர் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், பிறகு ஓடும். ஐந்து நிமிஷம் மட்டும் பார்த்தால் சும்மா நிற்கிற நேரத்தில் அகப்பட்டு "லீக் இல்லை" என்று முடிவெடுத்துவிடலாம். இந்த வடிகால் லேசானது இல்லை. பழுதான ஒரு டொய்லெட் ஒரு நாளைக்கு 200 முதல் 400 லிட்டர் வரை வீணாக்கும் என்று பிரிட்டனில் வழமையாகச் சொல்வார்கள். சோதிக்க ஒரு டிஷூவே போதும். பிளஷ் பண்ணி அரை மணித்தியாலம் கழித்து, கோப்பையின் பின்பக்கத்தைத் துடைத்துக் காய்ந்த டிஷூவை ஒட்டி விடுங்கோ. யாரும் பாவிக்காமலே அது நனைந்தால் திருடன் அங்கே.

ஹரோ வீட்டில் டிஷூ காய்ந்தபடியே இருந்தது. அடுத்தது ஸ்டாப் டாப். தெருவில் இருந்து வரும் பைப் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில், பெரும்பாலும் குசினி சிங்குக்குக் கீழே, ஒரு வால்வு இருக்கும். அதைப் பூட்டினால் வீட்டுக்குள் தண்ணி வராது. வெளியே மீட்டருக்கும் இந்த வால்வுக்கும் இடையில் நிலத்துக்குக் கீழே இருக்கிற பைப்பில் மட்டும் தண்ணி நிற்கும். பூட்டிய பிறகும் மீட்டர் ஓடினால் லீக் நிலத்துக்குள். நின்றால் வீட்டுக்குள். வேகம் பாதியாகக் குறைந்தால் ரெண்டு இடத்திலும் உண்டு.

மகள் 6:20 க்கு ஸ்டாப் டாப்பைப் பூட்டி ஒரு படம் எடுத்தாள்: 412.515. அரை மணித்தியாலம் கழித்து 6:50 க்கு 412.524. ஒன்பது லிட்டர் அரை மணித்தியாலத்தில், அதாவது மணிக்கு அதே 18. முழு லீக்கும் வெளியே, காரை நிறுத்துகிற கல் பதித்த தரைக்குக் கீழே. மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. யாருடைய ஷவரிலும் பிழை இல்லை.

இந்தச் சோதனையைப் பிழைக்க வைக்கிற ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று, வருஷக்கணக்காகத் தொடாத ஸ்டாப் டாப் முழுதாகப் பூட்டாது. பூட்டிய பிறகு குசினிப் பைப்பைத் திறந்து பாருங்கோ. கொஞ்ச நேரத்தில் தண்ணி நிற்க வேண்டும். தொடர்ந்து நூலாக வந்துகொண்டிருந்தால் அந்த ரீடிங்கை நம்ப முடியாது. இறுகிப் போயிருந்தால் பலம் கொண்டு திருப்பவும் வேண்டாம், உடைந்தால் வேறு பிரச்சினை. மற்றது, பழைய வரிசை வீடுகளில் ஒரே பைப்பில் இருந்து ரெண்டு மூன்று வீட்டுக்குத் தண்ணி போகலாம். நீங்கள் பூட்டியிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் குளித்தால் மீட்டர் ஓடும். அங்கேயும் மூன்று படம் உதவும். மனிதர் பாவிக்கிற தண்ணி ஒரே சீராகப் போகாது, ஓட்டை சீராகப் போகும்.

இப்போது சென்சருக்கு வருவோம். கடைகளில் விற்கிற வீட்டு சென்சர்களில் ஒரு வகை தரையில் ஈரம் பட்டால் கத்தும். இன்னொரு வகை பைப்பில் பொருத்தி ஓட்டத்தை அளக்கும். முதலாவது நிலத்துக்குக் கீழே போகிற தண்ணியைக் காணவே காணாது. ரெண்டாவதை வீட்டுக்குள், ஸ்டாப் டாப்புக்குப் பிறகுதான் பொருத்துவார்கள். ஹரோ வீட்டில் அதைப் பொருத்தியிருந்தால் இரவு முழுக்க "ஓட்டம் இல்லை, எல்லாம் நல்லம்" என்று பச்சை விளக்கோடு சொல்லியிருக்கும். அதே நேரம் வெளியே மூன்று பேருடைய தண்ணி போய்க்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய நிம்மதி, ஆனால் பொய்யான நிம்மதி. வீட்டுக்காரரின் பக்கத்தில் போகிற எல்லாத் தண்ணியையும் பார்க்கிற ஒரே கருவி அந்தக் குழிக்குள் இருக்கிற மீட்டர்தான்.

"எங்கட வீட்டில ஸ்மார்ட் மீட்டர் இருக்கே" என்று சிலர் சொல்வீர்கள். நல்லது. மணிக்கொரு தடவை ரீடிங் போகிற மீட்டர் என்றால், இரவிலும் ஓட்டம் பூச்சியத்துக்கு வராததைக் கம்பெனியே கண்டு கடிதம் போடலாம். ஆனால் அந்தக் கடிதம் "தொடர்ந்து தண்ணி ஓடுகிறது" என்று மட்டும்தான் சொல்லும். நிலத்துக்குள்ளா, டொய்லெட்டிலா என்பது அதற்குத் தெரியாது. ஸ்டாப் டாப்பைப் பூட்டி ரெண்டு படம் எடுக்கிற வேலை அப்போதும் உங்களுடையதுதான்.

அது ஏன் இவ்வளவு முக்கியம்? காசு யாருடையது என்பதே அதில்தான் தங்கியிருக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காணி எல்லையில் இருந்து வீடு வரைக்குமான பைப் வீட்டுக்காரருடையது. திருத்துவது அவருடைய பொறுப்பு. ஆனால் அந்த நிலத்தடிப் பைப்பில் லீக் என்றால், குறிப்பிட்ட நாளுக்குள் திருத்தியிருந்தால், பெரும்பாலான கம்பெனிகள் வீணாய்ப் போன தண்ணிக்கான காசை ஒரு தடவை கழித்து விடுவார்கள். அதற்குப் பெயர் லீக் அலவன்ஸ். கழிவுநீர்க் கட்டணமும் அதே மீட்டர் ரீடிங்கை வைத்துத்தான் போடுகிறார்கள் என்பதால், மண்ணுக்குள் போன தண்ணிக்கு வீட்டுக்காரர் அதையும் சேர்த்துக் கட்டியிருப்பார். டொய்லெட், பைப் போன்ற வீட்டுக்குள் லீக்குக்குப் பொதுவாக இந்தச் சலுகை இல்லை. ஆகவே போனில் "பில் கூடிட்டுது" என்று சொல்வதற்கும், "ஸ்டாப் டாப் பூட்டியிருக்கும்போது மணிக்கு 18 லிட்டர் ஓடுது, நேரத்தோட படம் இருக்கு" என்று சொல்வதற்கும் நடுவில் நூற்றுக்கணக்கான பவுண்ட்ஸ் இருக்கலாம். திருத்திய பிறகு இன்னொரு இரவு அதே மூன்று படத்தையும் எடுங்கோ. லீக் நின்றுவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

மீட்டருக்கும் ஒரு எல்லை உண்டு, அதை அதன் முகத்திலேயே எழுதியிருப்பார்கள். Q3 2.5, R160 என்று இருந்தால், 2500 ஐ 160 ஆல் பிரியுங்கோ. கிட்டத்தட்ட 15.6. மணிக்கு அத்தனை லிட்டருக்குக் கீழே போகிற ஓட்டத்தை அந்த மீட்டர் சரியாக அளக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. குறைத்துக் காட்டலாம், மிகச் சின்னச் சொட்டு என்றால் அசையாமலே நிற்கலாம். அதனால் பத்து நிமிஷம் முள் அசையவில்லை என்பது லீக் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. முள் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடினால் அது தெருவில் அழுத்தம் கூடிக் குறைவதால். லீக் முன்னுக்கு மட்டும்தான் போகும்.

வேறு நாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டொரொன்டோவில் மீட்டர் பெரும்பாலும் பேஸ்மென்டுக்குள், தண்ணி வீட்டுக்குள் வந்த பிறகு இருக்கும். அங்கே முன் முற்றத்துக்குக் கீழே பைப் உடைந்தால் மீட்டருக்குத் தெரியாது, பில்லிலும் வராது. ஆனால் வீட்டுக்குள் லீக்கை அதே மூன்று படம் காட்டும். சிட்னியில் மீட்டர் முன் முற்றத்தில் இருக்கும், அங்கே இந்தக் கட்டுரை அப்படியே பொருந்தும்.

இரவு முழுக்க வீட்டாரைப் பிளஷ் பண்ண விடாமல் வைத்திருக்க முடியாது என்றால், ஓகஸ்டில் எல்லாரும் ஊருக்குப் போகும்போது செய்யுங்கோ. டக்ஸி வர முதல் ஒரு படம், ரெண்டு கிழமை கழித்து வந்து சூட்கேஸை இறக்க முதல் ஒரு படம். ஸ்டாப் டாப்பைத் திறந்தபடி விட்டால் முழு வீட்டுக்கும் சோதனை, பூட்டிவிட்டுப் போனால் நிலத்தடிப் பைப்புக்கு மட்டும். அந்த ரெண்டு கிழமையும் வீட்டில் யாரும் இல்லை. சிவப்பு இலக்கம் ஓடியிருந்தால் குற்றவாளி மனிதர் இல்லை.